சிறையையே சிறைப்பிடித்த வரி: லூத்தரின் முன்னுரையில் ஒரு பத்தி

எபிரேயத்தில் இரண்டே சொல்: ஷாவீத்தா ஷெவி. 68ஆம் சங்கீதத்தின் 18ஆம் வசனத்தில் வருகிறது. (எபிரேய மூலத்தில் சங்கீதத்தின் தலைப்பையும் ஒரு வசனமாக எண்ணுவார்கள், அங்கே இது 19.) இந்த இரண்டு சொல்லை ஜெர்மனில் ஏன் இப்படி வைத்தேன் என்று மார்ட்டின் லூத்தர் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். சரளமான ஜெர்மன் வாக்கியம் ஒன்று கைவசம் இருந்தது, அதை வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்லும் பத்தி அது.

மொழிபெயர்ப்பு முன்னுரைகளில் "மூலத்தோடு ஒட்டியே போனேன்" என்ற பொதுப்பேச்சு ஏராளம். ஒரே ஒரு வரியை எடுத்து, விட்ட வடிவத்தையும் வைத்த வடிவத்தையும் அருகருகே நிறுத்தி, எது போய்விடும் என்று பயந்து இதைச் செய்தேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. லூத்தர் சொல்கிறார். அவர் கொடுத்த காரணம் எபிரேய இலக்கணத்தின் முன் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

முன்னுரை எழுத வேண்டி வந்தது ஏன்

லூத்தரின் முதல் ஜெர்மன் சங்கீத நூல் 1524இல் வந்தது. 1528இல் ஒருமுறை திருத்தினார். 1531ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் விட்டன்பெர்க்கில் ஒரு சிறு குழு கூடி முழு நூலையும் வரி வரியாக மறுபடி பார்த்தது. மெலாங்க்தன் இருந்தார், குரூசிகர் இருந்தார், எபிரேயப் பேராசிரியர் அவுரோகால்லுஸ் இருந்தார். கேயோர்க் ரோரர் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. ஜெர்மனும் லத்தீனும் கலந்து, பாதி வாக்கியங்களாக ஓடும் அவற்றைப் படித்தால், ஒரு சொல்லுக்காக எவ்வளவு மல்லுக்கட்டினார்கள் என்பது தெரியும்.

இந்தத் திருத்தத்தின் போக்கு ஒரே பக்கமாக, அதாவது ஜெர்மனை நோக்கி, இருந்தது. பழைய சங்கீத நூல் எபிரேயத்துக்கு அருகிலும் ஜெர்மனுக்குத் தொலைவிலும் இருக்கிறது, புதியது ஜெர்மனுக்கு அருகிலும் எபிரேயத்துக்குத் தொலைவிலும் இருக்கிறது என்று லூத்தரே சொல்லிவிட்டார். அப்படிச் செய்தால் குற்றச்சாட்டு வராமல் இருக்குமா? எபிரேயம் அறிந்தவர்கள், சொல்லை விட்டு விலகிப் போகிறார் என்பார்கள். அதற்குப் பதிலாக 1531க்கும் 1533க்கும் இடையில் அவர் எழுதியதுதான் 'சங்கீதங்களின் சுருக்கங்களும் மொழிபெயர்ப்பின் காரணங்களும்' என்ற நூல். அதன் முகப்பில்தான் நம் பத்தி இருக்கிறது.

முகப்பின் பெரும்பகுதி, ஏன் சொல்லுக்குச் சொல் போகவில்லை என்பதற்கான நியாயம். 63ஆம் சங்கீதத்தில் "நிணத்தாலும் கொழுப்பாலும் என் ஆத்துமா நிறையும்" என்ற பொருளில் ஒரு வரி உண்டு. எபிரேயன் கொழுப்பு என்றால் மகிழ்ச்சியைச் சொல்கிறான், நல்ல கொழுத்த விலங்கு சந்தோஷமாக இருக்கும், வாடிய விலங்கு மெலிந்துபோகும், அதிலிருந்து வந்த பேச்சு இது என்று லூத்தர் விளக்குகிறார். ஆனால் எந்த ஜெர்மானியனுக்கும் இது புரியாது. அதனால் கொழுப்பையும் நிணத்தையும் விட்டுவிட்டு, "என் இதயத்தின் மகிழ்ச்சியும் களிப்பும்" என்ற பொருளில் எழுதினார். (தமிழ் பைபிளில் அந்த இடத்தில் "நிணத்தையும் கொழுப்பையும் உண்டதுபோல" என்றே இருக்கிறது. நமக்கு அது புரியாமல் போகவில்லை.)

இப்படிச் சுதந்திரத்துக்கு உதாரணங்களை அடுக்கிக்கொண்டு போகிறவர், நடுவில் திசையை மாற்றுகிறார். சில இடங்களில் இன்னும் தெளிவாகச் சொல்ல வழி இருந்தும் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறோம், ஏனென்றால் அந்தச் சொற்களில்தான் விஷயமே இருக்கிறது என்கிறார். அங்கே அவர் எடுக்கும் எடுத்துக்காட்டுதான் ஷாவீத்தா ஷெவி.

பத்தி சொல்வது

லூத்தர் வைத்த வரி: "டு ஹாஸ்ட் டாஸ் கெஃபெங்னிஸ் கெஃபாங்கன்." தமிழில் அப்படியே எடுத்தால், "சிறையைச் சிறைப்பிடித்தீர்". கெஃபெங்னிஸ் என்ற சொல் அன்றைய ஜெர்மனில் சிறைச்சாலையை மட்டும் குறிக்கவில்லை, சிறைப்பட்டிருக்கும் நிலையையும் குறித்தது. அடிமைத்தனத்தையே அடிமையாக்கினீர் என்று கேட்பவன் காதில் விழும்.

அவர் விட்ட வரி: "சிறைப்பட்டவர்களை விடுவித்தீர்." இது நல்ல ஜெர்மனாக இருந்திருக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது வலுவில்லாதது, எபிரேயத்தில் உள்ள அந்த நயமான, வளமான பொருளைத் தருவதில்லை என்கிறார். கிறிஸ்து கைதிகளை விடுவித்தார் என்பதோடு விஷயம் முடியவில்லை. சிறையையே பிடித்துக் கொண்டுபோய்விட்டார், இனி அது ஒருபோதும் நம்மைத் திரும்பப் பிடிக்க முடியாது, ஆகவே இது நித்திய மீட்பு என்பது அவர் விளக்கம்.

அடுத்து பவுலின் நடையைத் துணைக்கு அழைக்கிறார். நியாயப்பிரமாணத்தினால் நியாயப்பிரமாணத்துக்கு மரித்தேன் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். பாவத்தால் பாவத்தைத் தீர்ப்பிட்டார் என்று ரோமருக்கு எழுதுகிறார். ஒரே சொல்லை அதன் மேலேயே திருப்பிவிடும் பேச்சு இது. மரணம் கொல்லப்பட்டது என்பதும் இந்த வகைதான். பாவம், மரணம், நியாயப்பிரமாணம் ஆகியவையே கிறிஸ்து பிடித்த சிறைகள் என்று லூத்தர் முடிக்கிறார். கடைசியில், இந்தப் போதனையின் மரியாதைக்காகவும் நம் மனச்சாட்சியின் ஆறுதலுக்காகவும் இப்படிப்பட்ட சொற்களை வைத்துக்கொள்ள வேண்டும், பழகிக்கொள்ள வேண்டும், நம் ஜெர்மனைவிட எபிரேயம் நன்றாகச் செய்யும் இடத்தில் அதற்கு இடம் விட வேண்டும் என்று எழுதுகிறார்.

'பழகிக்கொள்ள வேண்டும்' என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். வாசகன் முதல் வாசிப்பில் தடுக்குவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தடுக்கலை நீக்குவது தன் வேலையல்ல, அதை வாசகன் தாண்டிப் பழகட்டும் என்று விட்டிருக்கிறார். 1530இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய திறந்த கடிதத்தில், வீட்டில் தாயையும் தெருவில் குழந்தைகளையும் சந்தையில் சாமானியனையும் கேட்டு அவர்கள் பேசும் வாயைப் பார் என்று சொன்னவரும் இவரேதான்.

எபிரேயம் என்ன சொல்கிறது

இனி மூலத்துக்குப் போவோம். ஷாவீத்தா என்றால் "நீ சிறைபிடித்தாய்". ஷெவி அதே வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல். அதற்கு இரண்டு பொருள் உண்டு: சிறைப்பட்ட நிலை, சிறைப்பட்டவர்கள் கூட்டம். வினையும் அதன் வேரிலேயே பிறந்த செயப்படுபொருளும் சேர்ந்து வருவது எபிரேயத்தில் மிகச் சாதாரணம்.

எவ்வளவு சாதாரணம் என்பதற்கு உபாகமம் 21:10 போதும். அது கவிதை இல்லை, போர்க்கால மணச் சட்டம். பகைவரோடு போரிட்டு ஜெயித்து "வெஷாவீத்தா ஷிவ்யோ", அதாவது அவர்களில் கைதிகளைப் பிடித்துவந்து, அவர்களில் ஒரு பெண்ணை விரும்பினால் என்று சட்டம் தொடங்குகிறது. எண்ணாகமம் 21:1இல் ஆராத் அரசன் இஸ்ரவேலரில் சிலரைப் பிடித்துப்போனதைச் சொல்லவும் இதே இரட்டைதான். நியாயாதிபதிகள் 5ஆம் அதிகாரத்தில் தெபோராளின் பாட்டில் பாராக்கை எழுப்பும் வரியிலும் இதே வேர் இரண்டு முறை வருகிறது. ஆக, எபிரேயக் காதுக்கு ஷாவீத்தா ஷெவி புதிராகவே ஒலித்திருக்காது. "கைதிகளைப் பிடித்தாய்" என்பதுதான் அதன் முதல் பொருள்.

இங்கே ஒரு சின்ன இலக்கண விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஷெவி என்பது வினைக்கு முன்பே இருந்த பொருளல்ல, வினையால் உண்டாகும் பொருள். கிணறு வெட்டினான் என்றால், ஏற்கெனவே இருந்த கிணற்றை வெட்டினான் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. வெட்டியதால் கிணறு வந்தது. அதுபோல, பிடித்ததால் அவர்கள் கைதிகள் ஆனார்கள்.

68ஆம் சங்கீதத்தின் காட்சியும் இதற்குப் பொருந்துகிறது. தேவனின் இரதங்கள் ஆயிரமாயிரமாகச் சீனாயிலிருந்து பரிசுத்த ஸ்தலத்துக்கு வருகின்றன. பாசானின் மலைகள் பொறாமையோடு பார்க்கின்றன. வெற்றி பெற்ற அரசன் மலையேறுகிறான், பின்னால் கைதிகள், கையில் காணிக்கை. "உயரத்துக்கு ஏறினாய், கைதிகளைப் பிடித்தாய், மனிதருக்குள் காணிக்கைகளைப் பெற்றாய்." விடுதலை பற்றிய பேச்சே அந்த வரியில் இல்லை.

இப்போது லூத்தர் விட்ட வரியைத் திரும்பப் பாருங்கள். "சிறைப்பட்டவர்களை விடுவித்தீர்." எபிரேயத்தில் பிடிக்கிறார்கள், அந்த ஜெர்மனில் விடுவிக்கிறார்கள். திசையே தலைகீழ். வலுவில்லாதது என்று மட்டும் சொல்லி லூத்தர் அதை ஒதுக்குகிறார். உண்மையில் அது தவறான மொழிபெயர்ப்பாகவே ஆகியிருக்கும். கிறிஸ்துவின் விண்ணேற்றத்தை மனதில் வைத்து வாசிக்கிறவருக்கு அந்தத் திசைமாற்றம் கண்ணில் படாது, ஏனென்றால் விடுதலை என்ற முடிவு அவரிடம் முன்பே இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வைத்ததால்தான் அந்த ஆபத்திலிருந்து அவர் தப்பினார் என்று நான் நினைக்கிறேன். தான் கொண்ட விளக்கத்தைவிட அகலமான ஒரு வரியை அவர் அச்சில் விட்டுவைத்தார்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எபிரேயத்தில் சாதாரணமாக இருந்த பேச்சு ஜெர்மனில் விசித்திரமாகிவிட்டது. மூலத்தில் இல்லாத ஒரு புதிர் மொழிபெயர்ப்பில் பிறந்தது, அந்தப் புதிர்மேல் ஒரு போதனையும் கட்டப்பட்டது. சொல்லுக்குச் சொல் போகிற எந்த மொழிபெயர்ப்பிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இங்கே நான் காட்டுகிற விசித்திரம் மூலத்தின் முதல் வாசகனுக்கும் விசித்திரமாக இருந்ததா? அதே சொற்சேர்க்கை சட்டத்திலோ வரலாற்று உரைநடையிலோ அலட்டிக்கொள்ளாமல் வருகிறதா என்று தேடினால் பதில் பெரும்பாலும் கிடைத்துவிடும். இந்த வரிக்குக் கிடைக்கும் பதில், இல்லை, விசித்திரமாக இருந்திருக்காது என்பதுதான்.

லூத்தரின் பைபிளிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. உபாகமம் 21:10இல் அதே ஷாவீத்தா, அதே ஷெவி வரும்போது அவர் "சிறையைச் சிறைப்பிடித்து" என்று எழுதவில்லை. "அவர்களின் கைதிகளைக் கொண்டுபோனால்" என்று சரளமாக எழுதிவிட்டார். எபிரேயத்துக்கு இடம் விடுவது என்பது எபிரேய மொழியின் அமைப்பைப் பார்த்து எடுத்த முடிவல்ல, எந்த இடத்தில் கிறிஸ்துவைக் கேட்டாரோ அந்த இடத்தைப் பார்த்து எடுத்த முடிவு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. முன்னுரையில் அவர் இதை மறைக்கவும் இல்லை. போதனையின் மரியாதைக்காக, மனச்சாட்சியின் ஆறுதலுக்காக என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்.

இன்னொரு காரணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இந்த இரட்டையை ஏற்கெனவே அப்படியே வைத்திருந்தது. பவுலின் பெயரில் உள்ள எபேசியர் 4:8 அதை மேற்கோள் காட்டியது. லத்தீன் வுல்காத்தாவும் அப்படியே வைத்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக "சிறையைச் சிறைகொண்டு" என்ற ஒலி சபையின் காதில் இருந்துவந்திருக்கிறது. 1531இல் அதை மாற்றியிருந்தால் எபேசியர் நிருபத்தோடு இருந்த இணைப்பும் அறுந்திருக்கும். 63ஆம் சங்கீதத்தின் கொழுப்புக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

அதே வசனத்தில், நாலு சொல் தள்ளி

ஒரு மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவர் பெருமையோடு காட்டும் சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லைப் பார்ப்பது.

ஷாவீத்தா ஷெவிக்கு அடுத்து வருவது "லாகஹ்த்தா மத்தானோத் பாஆதாம்". பெற்றாய், காணிக்கைகளை, மனிதருக்குள். கடைசிச் சொல்லின் முதலில் இருக்கும் 'ப' ஒரு முன்னொட்டு: 'இல்', 'உள்ளே', 'நடுவில்' என்ற பொருள்களைத் தரும். லூத்தரின் ஜெர்மனில் அது "மனிதருக்காக வரங்களைப் பெற்றீர்" என்று ஆனது. 'நடுவில்' போய் 'காக' வந்தது.

ஏன் என்று ஊகிக்கச் சிரமமில்லை. எபேசியர் 4:8 இந்த வசனத்தை மேற்கோள் காட்டும்போது "மனுஷர்களுக்கு வரங்களை அளித்தார்" என்கிறது. எபிரேயத்தில் வாங்குகிறார், எபேசியரில் கொடுக்கிறார். இரண்டையும் ஒரே பைபிளில் வைத்திருக்கிறவனுக்கு இது உறுத்தும். 'மனிதருக்காகப் பெற்றீர்' என்று போட்டால் உறுத்தல் அடங்கிவிடும்: அவர்களுக்குக் கொடுக்கத்தான் பெற்றார் என்று இரண்டும் சேர்ந்துகொள்ளும். நேர்த்தியான தையல்தான், ஆனால் எபிரேயத்துக்கு இங்கே இடம் விடப்படவில்லை. ஒரு மூச்சில் வாசிக்கும் வசனத்தில் பாதி சொல்லுக்குச் சொல், பாதி சமன்செய்யப்பட்டது. முன்னுரை முதல் பாதியை மட்டும் பேசுகிறது.

லூத்தரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முழுக்கச் சொல்லுக்குச் சொல் போன மொழிபெயர்ப்பும் இல்லை, முழுக்கச் சரளமான மொழிபெயர்ப்பும் இல்லை. எங்கே எதைச் செய்தோம் என்று வாசகனுக்குக் காட்டுவதே முன்னுரையின் வேலை. லூத்தர் ஒரு இடத்தில் அதை முழுமையாகச் செய்ததால்தான் பக்கத்து இடத்தில் செய்யாததை நம்மால் கண்டுபிடிக்க முடிகிறது.

பிறகு என்ன ஆயிற்று

1926இல் யூதச் சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக், மார்ட்டின் பூபரோடு சேர்ந்து எபிரேய வேதத்தை மறுபடி ஜெர்மனில் கொண்டுவரத் தொடங்கியிருந்த நேரத்தில், லூத்தரைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் பத்தியைக் கையில் எடுத்தார். அவர் வாதம் இப்படிப் போகிறது: லூத்தருக்கு எந்த இடம் உயிருள்ள வார்த்தை, எந்த இடம் வெறும் பேச்சு என்ற எல்லை அவருடைய விசுவாசத்தில் முன்பே வரையப்பட்டிருந்தது. உயிருள்ள இடத்தில் எபிரேயத்துக்கு வழிவிட்டார், மற்ற இடத்தில் ஜெர்மனைப் பேசவிட்டார். அந்த எல்லையை முன்கூட்டியே வரைய நமக்கு உரிமை இல்லை, எந்த வரி எப்போது பேசத் தொடங்கும் என்று தெரியாது, அதனால் எல்லா இடத்திலும் இடம் விட வேண்டும். உபாகமத்துச் சட்டத்திலும் வேர்ச்சொல்லின் இரட்டிப்பு கேட்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அவர் 1929இல் இறந்தார். பூபர் 1961 வரை அந்த வேலையைத் தொடர்ந்து முடித்தார்.

லூத்தர் பைபிளின் திருத்தங்கள் வேறு வழியில் போயின. 1912 பதிப்பு வரை "சிறையைச் சிறைப்பிடித்தீர்" என்றே இருந்தது. 1984 திருத்தத்தில் அது "கைதிகளைக் கைதிகளாக நடத்திச் சென்றீர்" என்ற பொருளுக்கு மாறிவிட்டது, 'மனிதருக்காக' என்பதும் 'மனிதருக்குள்' என்று திரும்பிவிட்டது. எபிரேயப் புலமையின்படி இரண்டும் சரியான திருத்தங்கள். வேரின் இரட்டிப்பைக்கூட விடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் லூத்தர் ஒரு பத்தி எழுதிக் காத்த அந்தச் சொல் இப்போது வசனத்தில் இல்லை.

நம் தமிழ் பைபிளின் பழைய திருப்புதலில் "சிறைப்பட்டவர்களைச் சிறையாக்கி" என்று இருக்கிறது. வேரை இரண்டு முறை ஒலிக்கவிட்டது நல்ல காரியம். 'சிறையை' என்று போகாமல் ஆட்களாக எடுத்துக்கொண்டதும் எபிரேயத்துக்கு நெருக்கம். இடறுவது 'பட்டவர்களை' என்ற இறந்தகாலத்தில்தான். ஏற்கெனவே சிறையில் இருந்தவர்களை மறுபடி ஏன் சிறையாக்க வேண்டும் என்று தமிழ் வாசகன் கேட்பான். பிசாசின் கைதிகளாக இருந்தவர்களைக் கிறிஸ்து தம் கைதிகளாக்கிக்கொண்டார் என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்லலாம், ஆனால் அந்த விளக்கத்துக்கு இடம் கொடுப்பது எபிரேய வரி அல்ல, தமிழின் அந்த வினையாலணையும் பெயர்தான். கிணறு வெட்டும் இலக்கணம் இங்கே தவறிவிட்டது. "உயரத்துக்கு ஏறினீர், சிறைபிடித்துச் சிறைகொண்டு போனீர்" என்று வைத்தால் வேர் இரண்டு முறை ஒலிக்கும், முன்பே கைதிகள் என்ற பொருளும் நுழையாது. சிறை என்ற சொல் ஆளையும் நிலையையும் சேர்த்தே சுமந்துகொள்ளும். எபேசியர் 4:8ஐயும் அதோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அந்த இரண்டு இடத்தையும் ஒன்றாகத் தொடுகிற மொழிபெயர்ப்பாளர், லூத்தர் செய்ததுபோல விட்ட வடிவத்தையும் முன்னுரையில் எழுதிவைக்க வேண்டும். கூடவே அந்த 'மனிதருக்குள்' பற்றியும் ஒரு வரி.